கடனை மறுத்து எழுதும் பதிலே கடனை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

நூல்கண்டு (மே 24, 2025)

வணக்கம். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிடலாம் என்று இங்கே வந்தேன்.

அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரிடம் தொழிலுக்காகக் கைமாற்று வாங்கினேன். 2022 ஜூன் 14 அன்று 3 லட்சம், அதே வருடம் ஆகஸ்ட் 20 அன்று 2 லட்சம். இரண்டும் வங்கி வழியாக வந்தவை. புரோநோட்டு எழுதவில்லை. வட்டியும் பேசவில்லை, எப்போது திருப்புவது என்றும் பேசவில்லை. இதுவரை 1,20,000 திருப்பியிருக்கிறேன். 2023 மார்ச்சில் கையில் 50,000, 2024 ஜனவரி 10 அன்று வங்கி வழியாக 70,000.

போன வாரம் அவரிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. நான் 5 லட்சம் தர வேண்டியிருப்பதாகவும், 15 நாளில் பாக்கியை எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் சட்ட நடவடிக்கை என்றும் எழுதியிருக்கிறார். நான் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது:

"தங்கள் கடிதத்தில் கண்ட தொகை தவறானது, அதை மறுக்கிறேன். 50,000 ரொக்கமாகவும், 10.1.2024 அன்று 70,000 வங்கி மூலமாகவும் தங்களுக்குக் கொடுத்துள்ளேன். அவை போக மீதி 3,80,000 மட்டுமே. தற்போதைய நிலையில் அதையும் என்னால் கொடுக்க இயலாது."

மூன்று வருடம் ஆனால் கைமாற்றுக்கு வழக்குப் போட முடியாது, முதல் தொகைக்கு ஜூனில் அது முடிகிறது என்று நண்பர் சொன்னார். நான் தொகையை மறுத்துத்தான் எழுதுகிறேன், தர முடியாது என்றும் சொல்கிறேன். ஆகவே இது கடனை ஒப்புக்கொண்ட கடிதமாகாது என்று நினைக்கிறேன். சரிதானே?

ரொக்கப்புத்தகம்

பைனான்ஸ் ஆபீஸில் 18 வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் தவறில்லை. ஒப்புதல் என்றால் "இந்தக் கடனை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் மறுக்கிறேன் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார் அல்லவா, அதோடு காலம் நின்றுவிடும். மூன்று வருடத்துக்குள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் போதும், வழக்கை அப்புறம் போடலாம். நண்பர் சொன்ன ஜூன் கணக்கை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கருப்பு அங்கி

நூல்கண்டு, அந்தக் கடிதத்தை இப்படியே அனுப்ப வேண்டாம். ரொக்கப்புத்தகம் ஐயா சொன்ன இரண்டுமே நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கும் தவறுகள். அவர் மேல் குறை இல்லை, அலுவலகங்களில் வழிவழியாக அப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

முதலில் நோட்டீஸ் விஷயம். நோட்டீஸ் அனுப்புவதால் காலம் ஒரு நாள்கூட நிற்காது. 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் கணக்கு, வழக்கைத் தாக்கல் செய்யும் நாளோடுதான் முடிகிறது. காலம் கடந்து வந்த வழக்கை, எதிராளி அதைப்பற்றி வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவது போல அசல் வழக்கில் போடவும் முடியாது.

கைமாற்றுக்கு, பணம் கொடுத்த தேதியிலிருந்து 3 வருடம். "கேட்கும்போது தருகிறேன்" என்று பேசியிருந்தாலும் கொடுத்த தேதிதான் கணக்கு, கேட்ட தேதி அல்ல. உங்களுடையவை இரண்டு தனிக் கடன்கள். ஒன்று 2025 ஜூன் 14இல் முடிகிறது, மற்றது ஆகஸ்ட் 20இல். ஜூன் 14 சனிக்கிழமை. நீதிமன்றம் அன்று மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம், அதாவது 16ஆம் தேதி திங்கள் வரை அவருக்கு நேரம் இருக்கிறது.

இப்போது உங்கள் பதில். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு கேட்பது நான்கே விஷயங்கள்: காலம் முடிவதற்கு முன் எழுதியிருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், கடன்பட்டவரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ கையெழுத்திட்டிருக்க வேண்டும், பொறுப்பு இன்றும் இருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். "ஒப்புக்கொள்கிறேன்" என்ற சொல் எங்கும் தேவையில்லை. அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, பலரும் படிக்காமல் விடுவது அதைத்தான். கொடுக்க மறுத்து எழுதினாலும் ஒப்புதல் ஒப்புதலே. கொடுக்க இன்னும் நேரம் வரவில்லை என்றாலும் அப்படியே. நீ எனக்குத் தர வேண்டியதைக் கழித்துக்கொள் என்றாலும் அப்படியே. கடன் கொடுத்தவருக்கு அல்லாமல் வேறு யாருக்கோ எழுதிய கடிதமாக இருந்தாலும்கூட.

அந்த அளவுகோலை வைத்து உங்கள் மூன்றாவது வாக்கியத்தைப் படியுங்கள். "அவை போக மீதி 3,80,000 மட்டுமே." இந்த "மீதி" என்ற சொல் போதும். இன்றைக்கு உங்களுக்கும் அவருக்கும் இடையே கடன் உறவு இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. "கொடுக்க இயலாது" என்ற அடுத்த வரி அதை அழிக்காது. மே 28 என்று தேதி போட்டு அனுப்பினால் அந்த 3,80,000க்கு 2028 மே 28 வரை புதிதாக மூன்று வருடம் ஓடும். முதல் கடனுக்கு மூன்று வாரம்கூட மிச்சமில்லாத நேரத்தில் இதைச் செய்கிறீர்கள்.

நீங்கள் மறுத்ததற்கும் பலன் உண்டு. ஒப்புதல் எவ்வளவுக்கோ அவ்வளவுக்குத்தான் காலம் நீளும். நீங்கள் ஏற்காத 1,20,000ஐ இந்தக் கடிதத்தைக் காட்டி அவர் உயிர்ப்பிக்க முடியாது.

தேம்ஸ்கரை

இங்கே லண்டனில் 6 வருடம் என்று சொல்வார்களே, மூன்று என்பது சரியா? நானும் ஒரு பழைய கார்டு பாக்கிக்குப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

கருப்பு அங்கி

அது வேறு நாட்டுச் சட்டம், சகோதரரே. இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு 6 வருடம். கையெழுத்திட்ட எழுத்து ஒப்புதல் காலத்தைப் புதுப்பிப்பது அங்கேயும் உண்டு. ஆனால் முடிந்துபோன காலத்தைப் பிறகு எழுதும் ஒப்புதலால் எழுப்ப முடியாது. உங்கள் கடிதத்துக்கு அங்கேயுள்ள கடன் ஆலோசகரைப் பாருங்கள், இந்த இழையில் நாங்கள் பேசுவதை அதற்குப் பொருத்தாதீர்கள்.

தேன்மொழி

இதையெல்லாம் படிக்கும்போது மனசு வலிக்கிறது. நான் கடன் கொடுத்த பக்கம். வாங்கியது உண்மை என்று தெரிந்தும், எந்தச் சொல்லைப் போட்டால் தப்பலாம் என்று யோசிப்பவர்களால்தான் என்னைப் போன்றவர்கள் ஏமாறுகிறோம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு 2018 செப்டம்பர் 5 அன்று 2 லட்சம் கொடுத்தேன். நகையை வைத்துக் கொடுத்த பணம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே வருடங்கள் போயின, எல்லாம் வாய்ப்பேச்சு. கடைசியில் 2023 டிசம்பர் 11 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு கோடு போட்ட தாள், நீல மையில், கீழே முழுக் கையெழுத்து. அதில் இருப்பது: "அக்கா, உங்களிடம் இரண்டு லட்சம் வாங்கியது உண்மை. அதை நான் மறக்கவில்லை. என் நிலைமை சரியானதும் கண்டிப்பாகக் கொடுத்துவிடுகிறேன்."

நீங்கள் சொன்ன நான்கும் இதில் இருக்கிறதே. 2026 டிசம்பர் வரை எனக்கு நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கருப்பு அங்கி

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. நூல்கண்டு வாங்கியதை மறைக்க வழி கேட்கவில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் நீங்கள் சொன்னதை அவர் கேட்பது நல்லது.

நான்கில் மூன்றுதான் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. காலம் முடிவதற்கு முன் என்பதுதான் இல்லை. கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். 2018 செப்டம்பர் 5க்கு மூன்று வருடம் 2021 செப்டம்பர் 5. கொரோனாவை ஒட்டி 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் காலவரம்புக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. 2020 மார்ச் 15இல் உங்களுக்கு ஏறக்குறைய 1 வருடம் 5 மாதம் 3 வாரம் மீதி இருந்தது. அதை 2022 மார்ச் 1இலிருந்து கூட்டினால் 2023 ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தோடு முடிகிறது. கடிதம் வந்தது டிசம்பரில். ஜூலையில் வந்திருந்தால் இதே தாள் உங்களுக்கு மூன்று வருடம் கொடுத்திருக்கும்.

ஆனால் கதவு முழுவதும் மூடவில்லை. காலம் கடந்ததால் வழக்குப் போடும் வழிதான் போகிறது, கடன் அழிந்துவிடுவதில்லை. அதனால்தான் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவில், ஒரு வழி வைத்திருக்கிறது. காலம் கடந்த கடனை முழுவதுமாகவோ பகுதியாகவோ தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தம், அதன்மேல் வழக்குப் போடலாம். அங்கே ஒப்புதல் போதாது. வாக்குறுதி வேண்டும். உங்கள் தாளில் "வாங்கியது உண்மை, மறக்கவில்லை" என்ற இரண்டு வரிகளுக்கும் காலம் முடிந்த பிறகு மதிப்பில்லை. உங்களிடம் இருப்பது அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.

இளங்கோ_சட்டம்

சார், சட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. கடைசி வரியில்தான் எனக்குச் சந்தேகம். "நிலைமை சரியானதும்" என்பது நிபந்தனை இல்லையா? நிலைமை சரியாகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தால், வாக்குறுதி இன்னும் அமலுக்கு வரவில்லை என்றாகிவிடுமே. "2024 ஏப்ரலுக்குள் தருகிறேன்" என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை.

கருப்பு அங்கி

நல்ல கேள்வி, எதிர்த்தரப்பு வக்கீலும் இதைத்தான் கேட்பார். "கண்டிப்பாகக் கொடுத்துவிடுகிறேன்" என்பது வாக்குறுதி, "நிலைமை சரியானதும்" என்பது எல்லோரும் பேச்சுவாக்கில் சேர்க்கும் பணிவுச் சொல் என்று நான் வாதாடுவேன். நிபந்தனைதான் என்று நீதிபதி எடுத்துக்கொண்டால், அவருக்கு வேலை கிடைத்தது, சொத்து வாங்கினார் என்பது போல நிலைமை சரியானதை அம்மா நிரூபிக்க வேண்டி வரும். இரண்டு பக்கமும் போகக்கூடிய வழக்கு இது. தாளின் தேதியிலிருந்தே மூன்று வருடம் என்று வைத்துக்கொண்டு, 2026 டிசம்பர் 11க்குள் தாக்கல் செய்துவிடுவதுதான் பத்திரம். முடிந்தால் அதற்கு முன் அவரிடம் தேதியும் தொகையும் போட்ட ஒரு வரியை எழுதி வாங்குங்கள்: "2,00,000 ரூபாயை இன்ன தேதிக்குள் தருகிறேன்." அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் இந்த வாதமே எழாது.

தேன்மொழி

அவர் இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறார். நான்தான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் வாட்ஸ்அப்பில் "தர்றேன் அக்கா" என்று போட்ட குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன, 2022இல் வந்தவை. அவை உதவுமா?

இளங்கோ_சட்டம்

குரல் பதிவு எழுத்தாகாதே அக்கா. கையெழுத்தும் இல்லை.

கருப்பு அங்கி

அதேதான். குரல் பதிவு வைத்துக் காலத்தை நீட்ட முடியாது, கடன் நடந்தது என்பதற்கு வேண்டுமானால் துணைச் சான்றாகும். எழுத்தில் வந்த செய்திகள் இருந்தால் அழிக்காமல் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். மின்னஞ்சலை ஒப்புதலாக ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. வாட்ஸ்அப் செய்தியில் கையெழுத்து எங்கே என்ற சண்டை ஒவ்வொரு வழக்கிலும் வருகிறது, அதை நம்பி யாரையும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். தாளில் ஒரு வரி வாங்க முடிகிற இடத்தில் தாளில் வாங்குவதே மேல்.

நூல்கண்டு

தேன்மொழி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. கொடுத்துவிட்ட 1,20,000ஐயும் சேர்த்துக் கேட்கிறார் என்ற கோபத்தில்தான் அந்தப் பதிலை எழுதினேன். ஆனால் ஜூன் என்று நண்பர் சொன்னதும் ஒரு நப்பாசை வந்தது உண்மை.

கருப்பு அங்கி சார், ஒப்புக்கொள்ளாமல் மறுப்பது என்றால் எப்படி எழுதுவது? பதிலே போடாமல் இருந்துவிட்டால் என்ன? அப்புறம், நான் ஏற்கெனவே 70,000 கொடுத்ததால் காலம் நீண்டிருக்கிறதா?

கருப்பு அங்கி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இன்னொரு வலை அங்கேதான் இருக்கிறது.

காலத்துக்குள் கொஞ்சம் பணம் கட்டினாலும், கட்டிய தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். இது 19ஆம் பிரிவு. ஆனால் பணம் கட்டியது மட்டும் போதாது. கட்டினேன் என்பது கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ இருக்க வேண்டும். நீங்கள் கையில் கொடுத்த 50,000க்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆக அதனால் இதுவரை காலம் நீளவில்லை. காசோலையாகக் கொடுத்திருந்தால் அதிலுள்ள கையொப்பமே எழுத்து என்று எடுத்துக்கொள்வார்கள். போனிலிருந்து அனுப்பிய பணத்தில் கையொப்பம் எங்கே என்பதில் இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. அவருடைய வக்கீல் 70,000 வந்த 2024 ஜனவரி 10ஐப் பிடித்துக்கொண்டு 2027 ஜனவரி 10 வரை நேரம் இருக்கிறது என்பார். எழுத்து இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்வார். இந்த நிலையில் உங்கள் பதிலின் இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். "10.1.2024 அன்று 70,000 வங்கி மூலமாகக் கொடுத்துள்ளேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்கள். அவரிடம் இல்லாத அந்த எழுத்தை நீங்களே தபாலில் அனுப்பிவைத்ததாகிவிடும்.

பதில் போடாமல் இருப்பது ஒப்புதல் ஆகாது. எழுத்தும் கையொப்பமும் இல்லாமல் 18ஆம் பிரிவு வராது. ஆனால் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்தவர், பிறகு நீதிமன்றத்தில் வந்து "கணக்கே தப்பு" என்றால் நம்பிக்கை குறையும். அதனால் நான் பதில் போடச் சொல்வதே வழக்கம்.

மறுக்கும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கோரப்பட்ட தொகையையும் கணக்கையும் நான் ஏற்கவில்லை. எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு வரவு வைத்தீர்கள் என்ற முழு விவரத்தையும் ஆவண நகல்களோடு அனுப்பவும். இக்கடிதம் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்வதாகாது." இதில் மீதி, பாக்கி, போக, மட்டுமே, இப்போதைக்கு, அவகாசம் என்ற சொற்கள் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? "அவகாசம் கொடுங்கள்" என்று கேட்பதே பெரும்பாலும் கடன் இருக்கிறது என்று சொல்வதுதான்.

அந்தக் கடைசி வரியை மந்திரம் போல நம்பவும் கூடாது. மேலே 3,80,000 மீதி என்று எழுதிவிட்டுக் கீழே "இது ஒப்புதல் ஆகாது" என்று போட்டால், மேலே எழுதியதுதான் நிற்கும். 1961இல் ஷாபூர் மஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி: கடன் உறவு இன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் எண்ணம் சொற்களில் தெரிந்தால் போதும், வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை, சூழ்நிலையையும் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் எழுத்தில் இல்லாத ஒன்றை வலிந்து இழுத்து வரவும் கூடாது. ஆகவே "2022இல் தாங்கள் எனக்குப் பணம் அனுப்பியது உண்டு" என்ற வரி அளவில் அது பழைய நிகழ்ச்சி. "அதில் மீதி உண்டு" என்றால் இன்றைய பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முக்கால்வாசி வழக்குகள் நடக்கின்றன.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "நான் பணமே வாங்கவில்லை" என்று எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்த பணத்தை இல்லை என்று சொன்னவரை, அவர் உண்மையாகவே கொடுத்த 50,000 விஷயத்திலும் நீதிபதி நம்ப மாட்டார்.

ரொக்கப்புத்தகம்

சார், நோட்டீஸ் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. இத்தனை வருடம் தவறாகவே நினைத்திருக்கிறேன், எங்கள் ஆபீஸில் கைவிட்ட சில கணக்குகள் ஏன் தள்ளுபடி ஆயின என்று இப்போதுதான் புரிகிறது.

19ஆம் பிரிவு பற்றிச் சொன்னதும் எனக்குப் புரோநோட்டின் பின்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பார்ட்டியை வரச் சொல்வோம். 500 ரூபாயாவது கட்டச் சொல்லி, நோட்டைத் திருப்பி, "அசலில் வரவு ரூ. 500" என்று தேதியோடு அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்து வாங்குவோம். எழுதத் தெரியாதவர் என்றால் நாங்கள் எழுதிப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவோம், பக்கத்தில் சாட்சி இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பார்ட்டி பணத்தைக் கட்டிவிட்டுப் போனபிறகு தானே வரவு எழுதி முதலாளியின் கையெழுத்தை வாங்கி வைத்திருந்தான். பணம் வந்தது உண்மை, தேதியும் சரி, ஆனால் அந்த வழக்கு நிற்கவில்லை.

கருப்பு அங்கி

நிற்காது, ஐயா. கொடுத்தவர் எழுத்து வேண்டும், வாங்கியவர் எழுத்து போதாது. நீங்கள் செய்துவந்த முறையில் தேதியை அவர் கையாலேயே எழுத வைத்தது மிகச் சரி. தேதி இல்லாத ஒப்புதலுக்கு எப்போது கையெழுத்தானது என்று வாய்மொழிச் சாட்சி சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி தடுமாறினால் எல்லாம் போய்விடும்.

நூல்கண்டு (ஜூன் 9)

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். மறுத்து எழுதும் பதிலையும் அவர் தயார் செய்து கொடுத்தார். அதை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். அப்புறம் அப்பாவை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். 2024 ஜனவரியில் 70,000 வரவு இருக்கிறது. பதிவுத் தபாலை எழுதியவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லையாம். 2023 மார்ச்சில் ஒன்றும் இல்லை. கையில் கொடுத்த 50,000 தனக்கு நினைவில்லை என்கிறார். பொய் சொல்வதாகத் தெரியவில்லை, அந்தச் சமயம் அவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

ஜூன் 7 தேதியிட்டு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது: "14.6.2022, 20.8.2022 தேதிகளில் பெற்ற 5,00,000இல், திருப்பியது போக 3,80,000 தர வேண்டியுள்ளதை ஒப்புக்கொள்கிறேன். 2025 ஜூலை 5 முதல் மாதம் 10,000 வீதம் தருவேன். 2023 மார்ச்சில் ரொக்கமாகக் கொடுத்த 50,000ஐத் தாங்கள் ஏற்கவில்லை. அத்தொகை பாக்கி என்பதை நான் மறுக்கிறேன்."

அந்த 50,000 பற்றி இன்னும் தீரவில்லை.

கருப்பு அங்கி

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்டது எது, மறுத்தது எது என்பதில் குழப்பமே இல்லை, எனவே 2028 ஜூன் 7 வரையான காலம் 3,80,000க்கு மட்டும்தான்.

ஒரு விஷயம், இது அவருக்காகச் சொல்வது. மாதம் 10,000 என்றால் 38 மாதம், கடைசித் தவணை 2028 ஆகஸ்டில் வரும். ஒப்புதலின் மூன்று வருடம் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிகிறது. கடைசித் தவணைகளுக்கு எப்போது காலம் தொடங்கும் என்று பிறகு பேசவே இடம் வைக்காதீர்கள். ஒவ்வொரு தவணையின்போதும் அவர் நோட்டில் "வரவு 10,000" என்று நீங்களே எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அவருடைய காலம் புதுப்பித்துக்கொண்டே போகும். நீங்கள் அவரிடம் தனியாக ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், 2023 மார்ச் மாதிரி இன்னொன்று வர வேண்டாம்.

நூல்கண்டு

சரி சார். ஜூலை 5க்கு ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி எடுத்துப் போகிறேன்.

தேன்மொழி

தம்பி, நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துச் சந்தோஷம். நான் நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன். தேதி போட்டு எழுதச் சொன்னதும், யோசித்துச் சொல்கிறேன் அக்கா என்றார். பத்து நாள் கேட்டிருக்கிறார். கருப்பு அங்கி சார், பழைய தாளை மட்டும் வைத்து வழக்குப் போடுவதானால் நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு வரும்?